குணமானோர் எண்ணிக்கை

பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு மெட்ராஸ் போய்வந்த ஒரே பாவத்துக்காகக் கஸ்தூரி டீச்சரின் தலையில் அந்த ரூமைக் கட்டினார்கள். அதற்கு முன் அது உயிரியல் லேபின் சாமான் அறை. பாட்டிலில் மிதந்த தவளைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு நாற்காலி போட்டு, கதவில் 'மாணவியர் ஆலோசனை அறை' என்று போர்டு மாட்டினார் ஹெச்.எம். கோதண்டராமன். ஒரே வாரத்தில் பெண்கள் அதற்குப் பைத்தியம் ரூம் என்று பேர் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எந்தப் பெண் தானாக அந்த வாசலை மிதிப்பாள்?

பள்ளியில் ஆயிரத்து இருநூறு பெண்கள். ஆலோசனைக்கு வாரத்தில் இரண்டு பீரியட். இந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவான் யாரென்று கஸ்தூரி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அதுவாவது ஒழுங்காகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. எண்பத்தாறாம் வருஷம் மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே, பந்தோபஸ்துக்கு வரும் வெளியூர்ப் போலீஸ்காரர்களின் பாயும் பாத்திரமும் வந்து இறங்கிவிட்டன. எல்லாவற்றையும் கொண்டுபோய் ஆலோசனை அறையில் அடைத்தார்கள். பேச வேண்டிய பெண்களைக் கஸ்தூரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆலோசனை பெற்றோர், குணமானோர், சதவீதம் என்று மூன்று கட்டம்.

"சதவீதம் நல்லா இருந்தாதான் உங்க ரெண்டு பீரியட் அடுத்த வருஷம் இருக்கும். இல்லன்னா மறுபடியும் ஒம்போதாவதுக்கு சயின்ஸ்தான்" என்றார் ஹெச்.எம்.

"குணமாச்சான்னு எப்படி சார் தெரியும்?"

"கிளாஸ் டீச்சர்ங்களைக் கேளுங்க. அவங்கதானே தினம் பாக்கறாங்க."

கேட்டாள். அதுவரை அவள் பேசியிருந்த முப்பத்தொரு பெண்களில் இருபத்தாறு பேர் குணம் என்று டிக் வந்தது. கஸ்தூரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் அவள் எழுந்து நின்று, இப்படிப் பேசுவதால் நிஜமாகவே பலன் உண்டா என்று கேட்டிருந்தாள். பாடம் எடுத்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பலன் இருக்குன்னு நாங்க நம்பறோம். பேசினவங்களையும் பேசாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நம்ம ஊர் ஸ்கூல்ல யாரும் பாத்ததில்லம்மா. இந்த வயசுல பாதிப் பேர் தானாவே தேறிடறாங்க" என்றார். அந்த மனுஷருக்குக்கூடத் தெரியாதது தன் பள்ளியில் தெரிந்துவிட்டதே என்ற பெருமையில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்தாம் வகுப்பு ஹபீபுன்னிசா ஒரு ஜாமெட்ரி பாக்ஸோடு வந்து நின்றாள்.

"டீச்சர், இது உண்ணாமலையோடது. எனக்கே வச்சுக்கச் சொல்லிட்டா. சரசுவுக்கு ரெக்கார்டு நோட்டு, வேதாவுக்கு ரிப்பன். பரீட்சை வருதே, உனக்கு வேணாமாடின்னு கேட்டா சிரிக்கிறா."

உண்ணாமலை அடி அண்ணாமலைக்காரப் பெண். ஆடியிலிருந்து வகுப்பில் பொசுக்கென்று அழுவாள், சாப்பாட்டைத் தொட மாட்டாள், பாதிப் பாடத்தில் எழுந்து வெளியே போய்விடுவாள். கஸ்தூரி அவளோடு ஏழு தடவை பேசியிருந்தாள். இரண்டு வாரமாக அழுகை நின்றுவிட்டது. டிக் போட்டு வந்த பட்டியலில் அவள் பேருக்கு நேரே, 'இப்போது மிகவும் அமைதி, குணம்' என்று கிளாஸ் டீச்சர் எழுதியிருந்தார்.

தன் சாமானைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு அமைதியாகிறவர்களைத்தான் விட்டுவிடக் கூடாது என்று பயிற்சியில் சொன்னது கஸ்தூரிக்கு ஞாபகம் வந்தது. மற்ற டிக்குகளையும் எடுத்துப் பார்த்தாள். அமைதி, சத்தமில்லை, தொந்தரவு இல்லை, அமைதி. வகுப்பில் சத்தம் ஓய்ந்ததைக் குணம் என்று எழுதியிருக்கிறார்கள், அதை நம்பிப் படிவத்தில் தன்னுடைய கையெழுத்து. யார்மேல் எரிச்சல்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஹெச்.எம்.மிடம் ஓடினாள். "சாகற நெனப்பு இருக்கான்னு அவளை நேராவே கேக்கணும் சார்."

கோதண்டராமன் பேனாவைக் கீழே வைத்தார். "வேணாம். அந்த வார்த்தையை நீங்களா எடுத்துக் குடுக்காதீங்க. இல்லாத நெனப்பு வந்துடப் போவுது."

"கேக்கறதால வராதுன்னு மெட்ராஸ்ல பயிற்சி குடுத்த டாக்டர் சொன்னாரு."

"நிரூபணம் இருக்கா?"

இல்லை. அதையும் டாக்டரே சொல்லியிருந்தார்: கேட்டதால் கெட்டுப்போனவர்களை நான் பார்த்ததில்லை, புள்ளிவிவரம் கேட்டால் கையில் இல்லை என்று. ஹெச்.எம். கெட்டவர் அல்ல, பயந்தவர். கஸ்தூரிக்கும் பயம்தான். கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் ஊரே அவளைத்தான் சொல்லும். கேட்காமல் ஏதாவது ஆனால் ஒருவரும் அவளைக் கேட்க மாட்டார்கள். அந்த வசதிதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கூப்பிட்டனுப்பியதும் உண்ணாமலை வந்து நின்றாள். தலையைப் படிய வாரி, ஒழுங்காகப் பின்னல் போட்டிருந்தாள்.

"உண்ணாமலை, செத்துப் போயிடலாம்னு நெனக்கிறியா?"

அவள் டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தாள். "தீபம் பாத்துட்டு" என்றாள். பிறகு, "யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன் டீச்சர். அழாதேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்றாள்.

"நானுமா?"

"நீங்களும்தான்."

ஏழு தடவை பேசிய லட்சணம் இதுதான். கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாக்கிட்ட சொல்லாதீங்க டீச்சர்."

"மத்த எதையும் சொல்ல மாட்டேன். இதை மட்டும் சொல்லியாவணும். உன் எதிர்லயே சொல்றேன்."

அன்றைக்கு அவளைத் தனியே விடவில்லை. மணியடித்ததும் அவளோடு பஸ் ஏறிப்போய் அம்மா ஆராயியிடம் சொன்னாள். காற்று கருப்பு என்று தாயத்துக் கட்டியதைத் தவிர வேறென்ன செய்வதென்று தெரியாமல் இருந்த ஆராயி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். வேர்க்கடலைக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைக் கையோடு பக்கத்துக் கொல்லைக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள் கஸ்தூரி. மறுநாள் மூன்று பேருமாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநல டாக்டர் மாத்திரை எழுதி, வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.

அதற்கப்புறம் கஸ்தூரி படிவத்தைத் திரும்ப வாங்கி, குணம் என்று எழுதியிருந்த மற்ற இருபத்தைந்து பேரையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் கேட்டாள். பதினாறு பேர் நிஜமாகவே தேறியிருந்தார்கள், எதனால் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஒன்பது பேர் வாயை மூடப் பழகியிருந்தார்கள். குணமானோர் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தாள்.

"கவர்மெண்ட் பாரத்துல தெரியாதுன்னு எழுதறதா?" என்றார் கோதண்டராமன்.

"தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எழுதச் சொல்லுங்க சார்."

பொங்கல் முடிந்து உண்ணாமலை வகுப்புக்கு வந்தாள். மாத்திரையா, அம்மாவா, சைக்கிள் ஸ்டாண்டுப் பேச்சா, வெறுமனே நாள் போனதா, எது அவளை இழுத்துக்கொண்டு வந்தது என்று கஸ்தூரியால் சொல்ல முடியவில்லை. உண்ணாமலை வந்து தன் ஜாமெட்ரி பாக்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பது மட்டும் தெரியும். அடுத்த வருஷம் பீரியட் கிடையாது என்று உத்தரவு வந்ததும் தெரியும்.

உண்ணாமலை திரும்பி வந்த அன்றைக்கே மூன்றாவது பீரியடில் ஹெச்.எம். வராந்தாவில் வேகமாக வந்தார்.

"கஸ்தூரி டீச்சர், அந்தப் பொண்ணு மறுபடியும் ஆரம்பிச்சுட்டா. கணக்கு கிளாஸ்ல உக்காந்து ஓன்னு அழறா. பாடமே நடக்கல. இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?"

கஸ்தூரி நின்று காதுகொடுத்துக் கேட்டாள். பத்தாம் வகுப்பிலிருந்து அழுகைச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. தீபத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்த அழுகை திரும்பி வந்துவிட்ட நிம்மதியில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அழட்டும் சார். இதோ போறேன்" என்றாள்.