கோட்டுக்குக் கீழே நின்ற ரத்தம்

பால் எடுக்கும் அறை என்றால் பெயர்தான் பெரிது. ஒரு ஜன்னல், நான்கு நாற்காலி, நடுவில் ஒரு திரை. குறைமாதத்தில் பெற்ற நாங்கள் அங்கே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிச் சின்னப் புட்டியில் சேர்த்துக் கொடுப்போம். ஒருத்தி அழுவாள், ஒருத்தி சிரிப்பாள், மற்றவள் இரண்டையும் சேர்த்துச் செய்வாள். இப்போது யோசித்தால் என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்த அறை அதுதான்.

"உன் பொண்ணு எப்படி?"

"நேத்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. பிடிக்கலை போல, மூடிட்டா."

"கஞ்சக்கா இன்னைக்கு யாரைத் திட்டறாங்க?"

"புது டாக்டரைத்தான். கேட்கலையா, சுவரே அதிருதே."

கஞ்சக்கா என்பது பச்சிளங்குழந்தைகள் பிரிவின் மூத்த நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர். பிஸ்கட் கேட்டால் பாக்கெட்டோடு கொடுப்பவர்தான். குழந்தையின் ரத்தத்தில் மட்டும் கருமி. யாராவது பரிசோதனை எழுதிவிட்டால் போதும்.

"எதுக்கு இது? நேத்துதானே எடுத்தோம்?"

"சும்மா பார்த்துக்கலாம்னு, சிஸ்டர்."

"சும்மா பார்க்கறதுக்கு இது என்ன சினிமாவா? அவ உடம்புல மொத்த ரத்தமே அரை டம்ளர் வராது. நீங்க சொட்டுச் சொட்டா உறிஞ்சிட்டு அப்புறம் ரத்தம் குறையுதுன்னு வருத்தப்படுவீங்க. நாளைக்கு எடுக்கறப்ப சேர்த்து எழுதுங்க."

என் மகள் பிறந்தபோது என் உள்ளங்கையில் அடங்கினாள். அந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். சாம்பல் பூத்திருந்த உதடு, பை தீரத்தீர ரோஜா நிறத்துக்கு வந்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அன்றிலிருந்து ரத்தப் பைதான் எனக்குக் குலதெய்வம்.

வாரங்கள் போயின. குழாய் வழியாகக் குடித்தவள் மார்பில் வாய் வைக்கப் பழகினாள். ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் பெரிய டாக்டரைத் தாழ்வாரத்திலேயே மறித்தார்.

"டாக்டர், எங்கேயும் ரத்தம் ஒழுகலையே. அப்புறம் எங்க போகுது?"

"எங்கேயும் போகலை. வரவு நின்னுபோச்சு, செலவு மட்டும் நடக்குது."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"அம்மாகிட்டருந்து குழந்தை இரும்புச்சத்தை வாங்கி வெச்சுக்கறது கடைசி மூணு மாசத்துல. இவ அதுக்குள்ள கிளம்பி வந்துட்டா. இது ஒண்ணு. ரத்தம் ஊறணும்னா உடம்புல ஒரு ஹார்மோன் உத்தரவு போடணும். வயித்துக்குள்ள ஆக்சிஜன் கம்மி, அதனால உத்தரவு வந்துக்கிட்டே இருந்தது. வெளிய வந்து மூச்சு விட்டதும் ஆக்சிஜன் தாராளம். உடனே 'போதும்'னு உத்தரவு நின்னுபோச்சு. இந்த வயசுல அந்த உத்தரவைப் போடறது கல்லீரல். ரத்தம் குறைஞ்சாலும் அது லேசுல முழிச்சுக்காது. சிறுநீரகம் அந்த வேலையை எடுத்துக்க நாளாகும்."

"அதுவரைக்கும்?"

"இருக்கற அணுக்களும் நம்மளுது மாதிரி நாலு மாசம் உழைக்காது, சீக்கிரமே உதிர்ந்துடும். இவ வேற கிடுகிடுன்னு வளர்றா. அதே ரத்தம் பெரிய உடம்புக்குப் பரவணும். சாம்பார் ஒண்ணு, பந்தி ரெண்டு."

"என் ரத்தத்தை எடுத்துக்கங்க, டாக்டர். நல்லா ஊறிக் கிடக்கு."

"ஆசை நல்ல ஆசைதான். ஆனா ரத்த வங்கியில ஒரே ஆளோட ரத்தத்தைச் சின்னச் சின்னப் பையாப் பிரிச்சு இவளுக்குன்னே வெச்சிருக்காங்க. பத்து பேர் ரத்தம் உள்ள போகக்கூடாதுன்னுதான். தேவைப்பட்டாத்தான் ஏத்துவோம்."

என் கணவர் கையை மடக்கித் தசையைத் தடவிக்கொண்டே வந்தார். வீணாய்ப் போயிற்றே என்ற முகம்.

அந்த வாரத்துப் பரிசோதனையின் முடிவு மதியம் வந்தது. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஆறு. போன வாரம் எட்டுக்கு மேல் இருந்தது. புது டாக்டர் தாளைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்துவிட்டார். முன்பு ஒதுக்கிய பைகளுக்குக் காலம் கடந்துவிட்டதால் வேறு ஒருவரின் ரத்தம் வர வேண்டும் என்றார்கள். யாருடையதாய் இருந்தால் எனக்கென்ன? சீக்கிரம் வந்தால் சரி.

பெரிய டாக்டர் வந்தார். தாளை ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். நெஞ்சில் கருவி வைத்தார். திரையில் ஓடிய எண்களைப் பார்த்தார்.

"மூச்சு விட மறந்தாளா?"

"ரெண்டு நாளா இல்லை, சார்," என்றார் கஞ்சக்கா.

"இதயத்துடிப்பு?"

"எப்பவும் போலத்தான்."

"பால்?"

"களைக்காமக் குடிக்கறா. எடையும் ஏறியிருக்கு."

"அப்ப குழந்தை ஒண்ணு சொல்லுது, தாள் ஒண்ணு சொல்லுது. ரத்தம் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"ரத்தம் பிடிக்கற குழாய்ல கோடு வரைக்கும் எடுத்தீங்களா?"

சுவர் அதிரப் பேசுகிறவர் கஞ்சக்கா. இப்போது மெதுவாகச் சொன்னார்.

"கோட்டுக்குக் கீழதான் நின்னுச்சு, சார். குதிகாலை இன்னும் பிசையணுமேன்னு விட்டுட்டேன். இவ்வளவு போதும்னு நினைச்சேன்."

"உறையாம இருக்கக் குழாய்ல மருந்து இருக்கே, அது கோடு வரைக்குமான ரத்தத்துக்கு அளந்து வெச்சது. பாதி ரத்தம் போட்டா நீர்த்துத்தானே போகும்? எண்ணும் குறைச்சலாத்தான் காட்டும்."

"மறுபடி எடுக்கறேன்."

நான் நடுவில் புகுந்தேன்.

"மறுபடி என்ன எடுக்கறது? பையை ஏத்துங்க. உங்க கஞ்சத்தனத்துக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?"

"ஏய், சும்மா இரு," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, தேவைன்னா இந்த நிமிஷமே ஏத்துவேன். தேவையில்லாம ஏத்தினா, கொஞ்சம் கொஞ்சமா முழிச்சுக்கிட்டிருக்கற எலும்பு மஜ்ஜை 'வெளியிலருந்துதான் வருதே'ன்னு திரும்பப் படுத்துடும். அது முழிச்சுதா இல்லையான்னு அதே ரத்தத்துல பார்த்துடலாம். புதுசா ஊறின இளசு அணுக்களை எண்ணச் சொல்றேன். பை வரட்டும், பக்கத்துல இருக்கட்டும்."

கஞ்சக்கா வெதுவெதுப்பான துணியில் அந்தக் குட்டிப் பாதத்தைச் சுற்றிக் காத்திருந்தார். பிறகு குதிகாலின் ஓரத்தில் குத்தினார். சொட்டு தானாகத் திரண்டு வந்தது, பிசையவில்லை. இந்த முறை கோட்டைத் தொடும்வரை விடவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் உதடு துடித்ததைப் பார்த்தேன். வலி குழந்தைக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

முடிவு வரும்வரை நானும் கஞ்சக்காவும் பால் அறையில் உட்கார்ந்திருந்தோம். வேறு யாரும் இல்லை.

"கோபம் போகலையா?"

"போகலை."

"போக வேண்டாம். நான் பண்ணினது தப்புதான்."

"இவ்வளவு வருஷமா இங்க இருக்கீங்களே, சிஸ்டர்."

"அதனாலதான். எடுத்து எடுத்தே வெளுத்துப்போன பிள்ளைங்களை நிறையப் பார்த்துட்டேன். கையே வரலை."

புது டாக்டர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டார். திரை இருந்தது, நல்லவேளை.

"ஏழு புள்ளி எட்டு. இளசு அணுக்கள் நிறைய இருக்கு. ரத்தம் ஊற ஆரம்பிச்சுடுச்சு. பெரியவர் பையைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டார்."

"குறைஞ்சுதானே இருக்கு?" என்றேன்.

"குறைஞ்சுதான் இருக்கு. ஆனா மூச்சு, துடிப்பு, எடை எல்லாம் சரியா இருக்கு, சொந்தமா ஊறவும் ஆரம்பிச்சிருக்கு. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து குடுப்போம். அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும் நான் எதுவும் எழுதமாட்டேன், சிஸ்டர், சத்தியமா."

கஞ்சக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கம்மா, பசிக்கும் அவளுக்கு."

என் நெஞ்சோடு தோல் ஒட்ட அவளைப் படுக்க வைத்தார். அவள் வாய் தேடியது, பிடித்தது, இழுத்தது. வெளுத்த உதடுதான். நான் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உதட்டைப் பார்க்காதீங்க," என்றார் கஞ்சக்கா. "விடாம இழுக்கறாளான்னு பாருங்க."

விடாமல்தான் இழுத்தாள்.