லாக்டோஸ் இல்லாத பால்

மூத்த மருமகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு டம்ளர் உள்ளே போனால் போதும், வயிறு உப்பி, கடமுடவென்று உருண்டு, கழிவறையே கதி என்று கிடப்பாள். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது, மகாராணிக்குப் பால் கசக்கிறதாம் என்று மாமியார் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மூத்தவள் இன்றுவரை மறக்கவில்லை. எது ஆகும், எது ஆகாது என்பதைத் தானே பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டாள். தயிர் அளவோடு சாப்பிட்டால் தொந்தரவில்லை. வெண்ணெயும் நெய்யும் ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் முதிரவைத்த கெட்டி சீஸைத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை அதிலெல்லாம் குறைந்துபோகிறது, அதைச் செரிக்கத்தான் உங்கள் குடலுக்கு வலுவில்லை என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். அதோடு லாக்டோஸ் இல்லாத பாலை வாங்கிக் குடிக்க ஆரம்பித்தாள். வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதே வீட்டில் இளைய மருமகளின் பையனுக்குப் பால் ஆகாது என்று தெரிந்த அன்று என்ன அமர்க்களம்! அவனுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. எந்த பிஸ்கட் வந்தாலும் மாமியார் கண்ணாடி மாட்டிக்கொண்டு அட்டையைப் படிக்கிறாள். இளையவள் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, அவனுக்கு மூச்சு முட்டினால் உடனே போடவேண்டிய மருந்து ஊசியை எப்படிப் போடுவது என்று, பழகுவதற்கான போலி ஊசி ஒன்றைத் தொடையில் குத்திக் காட்டினாள். மூத்தவள் பார்த்தாள், மனத்துக்குள் பற்றி எரிந்தாள். எனக்கு வந்தால் நடிப்பு, அவள் பிள்ளைக்கு வந்தால் நோயா? போதாததற்கு, இளையவள் ஆபீஸ் போனதும் பையன் பெரியம்மா முந்தானையைத்தான் பிடித்துக்கொண்டு திரிவான். அதில் மட்டும் மூத்தவளுக்கு ஒரு குளிர்ச்சி.

அன்று மாமியார் குளித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் தனக்காகக் கோகோ கலக்கினாள். பையன் கிட்டே வந்து மோந்து பார்த்து, எனக்கும் என்றான். அவள் கை நின்றது. பிறகு பால் அட்டையைத் திருப்பினாள். லாக்டோஸ் இல்லாதது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இத்தனை வருஷம் பாலோடு மல்லுக்கட்டிய தனக்குத் தெரியாததா? இதைக் குடித்து அவன் நன்றாக இருந்துவிட்டால் சின்னவளின் ஆர்ப்பாட்டமெல்லாம் அம்பலமாகிவிடும். அந்த நினைப்பே கோகோவைவிட இனித்தது. அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

டம்ளர் காலியாகிச் சற்று நேரம்கூட ஆகவில்லை. பையன் வாயைச் சொறிந்தான். உதடு தடித்தது, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. வாந்தி எடுத்தான். மூச்சு விசில் அடித்தது. வயிறு இப்படியெல்லாம் செய்யாது, இது வேறு ஏதோ. அலமாரியிலிருந்த நிஜ ஊசியைப் பிய்த்தெடுத்து, இளையவள் காட்டியபடியே தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்திப் பிடித்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பையனுக்கு மூச்சு சீராகிவிட்டது. அறிகுறி திரும்பி வரலாம் என்பதால் சில மணிநேரம் இருக்கட்டும் என்றார் டாக்டர். ஆபீஸிலிருந்து ஓடிவந்த இளையவள், மூத்தவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"அக்கா, நீங்க மட்டும் இல்லேன்னா…"

என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டார். மாமியார் முந்திக்கொண்டாள். இவள் நேற்று வாங்கி வந்த பிஸ்கட்டாகத்தான் இருக்கும், வேலை வேலை என்று ஓடுகிறவளுக்கு அட்டையைப் படிக்க ஏது நேரம் என்று இளையவள் மேல் பாய்ந்தாள். இப்படி ஒரு பேச்சு அவளுக்கு விழாதா என்று மூத்தவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது விழுந்தது, காது குளிரவில்லை. சும்மா இருந்தால் போதும், பழி அங்கேயே தங்கிவிடும்.

"பிஸ்கட் இல்ல. நான்தான் பால் குடுத்தேன். எனக்குப் பால் ஒத்துக்காதுன்னு வாங்கற, லாக்டோஸ் இல்லாத பால்."

டாக்டர் நிமிர்ந்தார். "அதுல சர்க்கரையைத்தாம்மா உடைச்சிருப்பாங்க. புரதம் அப்படியே இருக்கும். இவனோட உடம்பு எதிர்க்கறது அந்தப் புரதத்தை. சீஸ், தயிர், வெண்ணெய் எதுவும் இவனுக்கு ஆகாது. உங்களுக்கு வர்றது அவஸ்தை. இவனுக்கு உயிருக்கே ஆபத்து."

"தெரியாம குடுத்துட்டீங்களாக்கா?" இளையவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சியது அந்தக் குரல்.

"உன்மேல பொறாமையில குடுத்தேன்."

இளையவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். அதற்குள் கட்டிலில் பையன் கண் விழித்தான். அம்மா குனிந்து அவனைத் தூக்கப் போனாள். அவன் அவளைத் தாண்டி இரண்டு கையையும் நீட்டி, "பெரியம்மாகிட்ட" என்று அழுதான்.

இளையவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை மூத்தவளுக்கு நன்றாகப் பழக்கம். இத்தனை நாளாக அது தன் முகத்தில்தான் இருந்தது. பையனை நோக்கி எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மூத்தவள் அறையை விட்டு வெளியே போனாள். பையனின் அழுகை நடைபாதை முழுக்கக் கேட்டது.