தட்டில் மிஞ்சிய பழம்பொரி

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "கொள்ளாம்" என்பார்கள். நன்றாக இருந்தது என்று அர்த்தம். உப்பில்லாத சாம்பாருக்கும் அதே கொள்ளாம்தான். இதெல்லாம் தெரிந்த நாகர்கோவில்காரி நானே, விளையாடிப் பார்க்க வந்த பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து "எப்படி இருந்தது, எழுதுங்கள்" என்றேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் பெயர் ஜினிஷா. கோட்டாறு கடைத்தெருவில் ஒரு மாடியில் நானும் ஷிபுவும் விஆர் விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தோம். கண்ணை மூடினாற்போல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் மழைக்கால ரப்பர் தோட்டம் ஒன்றுக்குள் நிற்பீர்கள். மரங்களுக்கு நடுவே நடந்து, பூட்டிக் கிடக்கும் பங்களாவின் சாவிகளைத் தேட வேண்டும். தோட்டமும் மழையும் ஷிபுவின் கைவேலை. ஆள் அதற்குள் எப்படி நகர்கிறது, எப்படித் திரும்புகிறது என்பது முழுக்க என் பொறுப்பு. எட்டு மாதமாக அது ஒன்றைத்தான் செய்திருக்கிறேன்.

சண்டையும் அதில்தான். ஷிபுவுக்கு ஆள் வழுக்கிக்கொண்டு போவதுபோல நடக்க வேண்டும். கைப்பிடியிலுள்ள குச்சியை முன்னால் தள்ளினால் மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓட வேண்டும். அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண் "நடக்கிறேன்" என்கிறது, காதுக்குள்ளிருக்கும் சமநிலை "அசையாமல் நிற்கிறேன்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வயிறு புரட்டும். மலைப்பாதை பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து புத்தகம் வாசித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக நான் செய்தது டெலிபோர்ட். குச்சியைத் தள்ளினால் கையிலிருந்து ஒரு வளைந்த கோடு கிளம்பித் தரையில் ஒரு வளையம் விழும். விட்டதும் கண் சிமிட்டும் நேரத்துக்கு இருட்டு, அடுத்த நொடி வளையத்தில் நிற்பீர்கள். நடுவில் ஓட்டம் எதுவும் கண்ணில் படாது. திரும்புவதும் அப்படித்தான். குச்சியைப் பக்கவாட்டில் தட்டினால் காட்சி ஒரே வெட்டாக நாற்பத்தைந்து பாகை திரும்பும். எட்டுத் தட்டில் ஒரு முழுச் சுற்று.

"நீ ஆளை நடக்கவே விடாம தூக்கித் தூக்கி வைக்கியே," என்றான் ஷிபு. "தோட்டத்துல நடக்க சுகம் போச்சு."

"வாந்தி எடுத்துட்டு நடக்கதுல என்ன சுகம் கண்ட?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளையாட்டை ஆன்லைன் ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். என் வேலை உள்ளே இருக்குமா, எட்டு மாதமும் குப்பைக்குப் போகுமா என்பது அதற்குள் முடிவாக வேண்டும். செவ்வாய்க்கிழமை சர்ச் பாடகர் குழுவிலிருந்து ஆறு பேரை வரவழைத்தோம். முதலில் ஷிபுவின் வழுக்கு நடை. ஆளுக்கு இருபது நிமிடம். ஷிபு ஹெட்செட்டைத் தொடவே இல்லை. சுவரிலிருக்கும் டிவியில் அதே காட்சி ஓடும், அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றான். முடிந்ததும் ஆறு தாளையும் வாங்கி என் மேசையில் விரித்தான். கொள்ளாம். கொள்ளாம். நல்லா கொள்ளாம்.

"பாத்தியா?" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழவில்லை. அழுதிருந்தால் அவன் வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவான்.

அப்போதுதான் சத்தியபாய் அக்கா மேலே வந்தார். கீழே டீக்கடை அவருடையது. பிள்ளைகளுக்காக ஏத்தன்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துச் சுடச்சுட பழம்பொரி கொடுத்து அனுப்பியிருந்தார், தட்டுகளை எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, என்ன இது? ஆறு பிள்ளையளும் ஒரு வாய் கடிக்கலியே. எனக்க எண்ணெய் செரியில்லியா?"

தட்டுகளைப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு வைத்தது, பன்னிரண்டும் அப்படியே இருந்தது. நாலு மணிக்குக் காலேஜ் விட்டு வந்த பிள்ளைகள் சத்தியபாய் அக்காவின் பழம்பொரியைத் தொடாமல் போவதா? எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கை மரியாதைக்காக எதையும் எழுதும். வயிற்றுக்கு அந்த மரியாதை தெரியாது.

"உங்க எண்ணெய்க்கு ஒண்ணும் இல்ல அக்கா," என்றேன். "ஷிபு, தாளையெல்லாம் தூரப் போடு. இனி தட்டுதான் கணக்கு. நாளைக்கு எனக்க டெலிபோர்ட்ட வச்சு இதே பிள்ளையள் விளையாடட்டும். தட்டுல பழம்பொரி மிஞ்சினா, எனக்க கையாலயே அழிச்சுருவேன்."

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்வது.

புதன்கிழமை அதே ஆறு பேர், அதே நேரம். நான் மேசைமேல் ஏறிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் எல்லோரும் "கொள்ளாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று தட்டு காலி. மூன்று தட்டு நிறைந்திருந்தது. ஷிபு ஒரு பழம்பொரியை எடுத்துக் கடித்துக்கொண்டே என் கம்ப்யூட்டரைக் கையால் காட்டினான்.

"வியாழன் சாயங்காலம் வரைக்கும் பொறு," என்றேன்.

"சொன்ன சொல்லு?"

"ஒரு நாள், ஷிபு. ஒரே ஒரு நாள்."

அவன் பொறுத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நல்ல மனுஷன்தான், டிவியை நம்புவதைத் தவிர.

வியாழக்கிழமை காலை பாடகர் குழுவிலேயே உயரமான எட்சனைக் காலேஜுக்குப் போகவிடாமல் பிடித்து வந்தேன். சாப்பிடாத மூவரில் அவன் ஒருவன். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. "உனக்கு எப்பம் தலை சுத்திச்சு?" என்று கேட்டேன்.

அவன் நெளிந்தான். "கொள்ளாம் அக்கா, நல்லா..."

"கொள்ளாம்னு இன்னொருக்கா சொன்னா இந்த மாடியில இருந்து தள்ளிருவேன். எப்பம் சுத்திச்சு?"

"திரும்பும்போ," என்றான். "சடக்குன்னு திரும்பும்போ மரம் நின்ன இடத்துல இல்ல. எனக்க பக்கத்துல வந்து நிக்குது. ஒருக்கா மரத்துக்குள்ளயே தலை போச்சு. வளையத்தை ஒரு எடத்துல வச்சேன், வந்து நின்னது வேற எடம்."

"நீ நின்னுல்லா விளையாடின?"

"நின்னுதான். நாக்காலி எனக்கு சின்னது."

அறையின் நடுவில் தரையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தோம். நாற்காலி அதன் மேல்தான் இருக்கும். எட்டு மாதமாக நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே சோதித்திருக்கிறேன். மூன்று காலித் தட்டும் அதில் உட்கார்ந்து விளையாடியவர்களுடையது. நின்றவர்கள் விளையாட்டு ஜோரில் டேப்பை விட்டு இரண்டடி தள்ளிப் போயிருப்பார்கள்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டேப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். நேர் முன்னால் பங்களாவின் விளக்கு. குச்சியைத் தட்டினேன். பார்வை திரும்பியது. அதோடு, கால் அசையாமலே, தோட்டத்துக்குள் நானும் ஒன்றரை அடி பக்கவாட்டில் போயிருந்தேன். இன்னொரு தட்டு, இன்னும் ஒன்றரை அடி. எட்டுத் தட்டில் நின்ற இடத்திலேயே சுற்றியிருக்க வேண்டியவள், செக்கு மாடுபோல டேப்பை ஒரு வட்டம் வந்து பழைய இடத்தில் நின்றேன். வயிறு லேசாகப் புரண்டது. எட்டு மாதத்தில் எல்லாவற்றுக்கும் பழகிப் போன வயிறு அது. அதுவே புரண்டது.

ஆளை வைத்துத் திருப்புவதற்குப் பதில் அறையை வைத்துத் திருப்பியிருக்கிறேன். சுற்றின் மையம் டேப்பில் இருந்தது, விளையாடுகிறவரின் தலையில் இல்லை. டெலிபோர்ட்டும் அப்படித்தான், அறையின் நடுவை வளையத்தில் கொண்டு வைத்ததே தவிர ஆளை வைக்கவில்லை. ஷிபுவை டிவிக்காரன் என்று கேலி செய்தேனே, நான் நாற்காலிக்காரி. வெட்கமாக இருந்தது, அதைவிட சந்தோஷமாக இருந்தது. பிழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மத்தியானத்துக்குள் இரண்டுக்கும் மையத்தைத் தலைக்கு மாற்றினேன். எட்சனை டேப்பிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தி எட்டுத் தட்டு தட்டச் சொன்னேன். விளக்கு போய், மரங்கள் வந்து, விளக்கு திரும்ப வந்தது. ஆள் நின்ற இடத்தில் நின்றான்.

"இப்பம் மரம் அது பாட்டுக்கு நிக்குது அக்கா," என்றான்.

சாயங்காலம் ஆறு பேரையும் நிற்க வைத்தேன். நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டேன். ஆறு தட்டும் காலி. டெல்வின் என்றொரு பையன் கீழே போய் இன்னும் இரண்டு வாங்கித் தின்றதாக சத்தியபாய் அக்கா சொன்னார்.

ஷிபு தட்டுகளைப் பார்த்தான். "பிள்ளையளுக்கு இண்ணைக்குப் பசி கூடுதலா இருந்திருக்கும்," என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டிவியைக் கழற்றி எறிந்திருப்பேன். எறியவில்லை. ஹெட்செட்டை அவன் கையில் வைத்தேன்.

"கடைசியா இத எப்பம் மாட்டின?"

யோசித்தான். "கிறிஸ்மஸுக்கு முந்தி."

"இப்பம் மாட்டு. உனக்க நடையிலயே நட. இருபது நிமிசம்."

மாட்டினான். நடந்தான். மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடுவது டிவியில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. ஐந்தாவது நிமிடத்தில் அவன் பேச்சு நின்றது. பத்தாவது நிமிடத்தில் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டான். ரோஷக்காரன், இருபது நிமிடத்தையும் முடித்துவிட்டுத்தான் கழற்றினான். நெற்றியெல்லாம் வியர்வை.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொள்ளாம்," என்றான்.

சத்தியபாய் அக்கா கீழே போய், அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த இரண்டு பழம்பொரியைக் கொண்டு வந்து, தட்டை அவன் முன்னால் நகர்த்தினார். "தின்னு மக்கா. ஆறிப் போவும்."

ஷிபு தட்டைப் பார்த்தான். எண்ணெய் வாசம் முகத்தில் ஏறியதும் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பாமலே சொன்னான்: "டெலிபோர்ட்ட முதல்ல வை. எடுத்தவுடனே அதுதான் வரணும். எனக்க நடைய உள்ள போட்டு வை, வேணும்னவன் எடுத்துக்கிடட்டும்."

"நடக்கும்போ ஓரமெல்லாம் இருட்டாகி நடு மட்டும் தெரிய மாதிரி வைக்கேன். ஓரத்து மரம் ஓடதுதான் வயித்தக் கலக்குது. உனக்க நடையும் ஆளுவளுக்குத் தாங்கும்."

"செரி," என்றான். "வை."

வெள்ளிக்கிழமை மத்தியானமே அனுப்பிவிட்டோம். அதற்கு முந்தின சாயங்காலம், அவன் முகம் கழுவப் போன நேரத்தில், திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கட்டும் என்று, அவன் தட்டிலிருந்த இரண்டு பழம்பொரியையும் நானே தின்றேன்.