அக்கா என்று ஒரு வரி

லாண்டரிக்காரருக்குத் தெரிந்த சட்டமெல்லாம் அவருடைய மச்சான் சொன்னதுதான். மச்சான் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊர்க்குளத்துக்காக வழக்குப் போட்டு, 'குளம் உன்னுதா?' என்று கோர்ட் கேட்ட ஒரே கேள்வியில் தோற்றுத் திரும்பியவர். அந்தக் காலத்தில் கிணற்றில் விழுந்தவன், தானே மேலே ஏறி வந்து, ஈர வேட்டியோடு மனுக் கொடுத்துவிட்டு, மறுபடி போய் விழுந்து தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டுமாம். அவனோடு வந்த தவளைக்குக்கூட தனி மனுவாம். மச்சான் சத்தியம் பண்ணிச் சொல்வார்.

லாண்டரிக்காரரின் வேன் வாராவாரம் மனநல விடுதிக்குப் போகும். அங்கே சிகிச்சைக்கு வந்து, இப்போது படுக்கை விரிப்புகளை மடித்துக் கொடுக்கிற ஏழு பெண்களும் அவர் மூட்டையைச் சரியாகக் கட்டவில்லை என்று திட்டுமளவுக்குத் தெளிவானவர்கள். குணமாகிவிட்டது என்று டாக்டரே எழுதிக் கொடுத்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் உறவுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவது விடுதி வழக்கம். வர வேண்டிய உறவுகள் வீடு மாறிக் காணாமல் போயிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் போன் கிடையாது, வக்கீலும் கிடையாது.

அவர்களை வெளியே கொண்டுவர வழி கேட்டு அவர் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னாள்: ஏழைகள், அடைபட்டவர்கள், தாங்களாக வர முடியாதவர்கள், இவர்களுக்காக யார் வேண்டுமானாலும் உயர் நீதிமன்றத்துக்கு வரலாம். சிலருடைய கடிதத்தையே கோர்ட் மனுவாக எடுத்திருக்கிறது. வருகிறவருக்கு நல்லெண்ணம் இருக்க வேண்டும், சொந்த லாபமோ பகையோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

லாண்டரிக்காரர் தலையை ஆட்டினார். நம்பவில்லை. வக்கீலம்மா மனுவோடு சேர்க்கிற சத்திய வாக்குமூலத்தைச் சரிபார்த்து முடித்துக் கோர்ட்டுக்கு ஓடியதும், டைப்பிஸ்டிடம் போய் மனுவில் மூன்றாவதாக இருந்த பெண் தன் உடன்பிறந்த அக்கா என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டார்.

விசாரணை நாளில் இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். விடுதியின் வக்கீல், இவர் வெறும் லாண்டரிக்காரர், இவருக்கு என்ன உரிமை என்று தொடங்குவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ஒரு படிவத்தை நீட்டினார்.

"மனுதாரர் தம்பிதானே ஐயா? கையெழுத்துப் போட்டு அக்காவை இன்னைக்கே கூட்டிட்டுப் போகட்டும். அதோட வழக்கு முடிஞ்சுது."

வக்கீலம்மா திரும்பி லாண்டரிக்காரரைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் ஒருத்தி வெளியே. ஆறு பேர் உள்ளே. போடாவிட்டால் அக்காவையே அழைத்துப் போகாத தம்பி. அவர் எழுந்தார். கால்கள் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே வெளியே போய்விட்டன போலிருந்தது.

"அவங்க எனக்கு அக்கா இல்லீங்க. எனக்கு அவங்க யாருமே இல்லீங்க. அப்படிச் சொன்னா கேக்க மாட்டீங்கன்னு பயந்து எழுதிட்டேன்."

மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருமே இல்லாதவங்களுக்காகத்தான்யா இந்தக் கதவையே அகலத் திறந்து வெச்சிருக்கோம். அந்தக் கதவு வழியா பொய்யைத் தூக்கிட்டா வர்றது?"

பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில்கூட உண்டு என்று அவர் விளக்கியதை லாண்டரிக்காரர் நின்றபடியே கேட்டார். பிறகு நீதிபதிகள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மனுவைத் தள்ளிவிட வேண்டும் என்றார் விடுதி வக்கீல். கொண்டுவந்தவர் தப்புச் செய்ததற்காக அடைபட்டவர்களைத் தண்டிக்க முடியாது என்றது கோர்ட். அவருடைய மன்னிப்பை ஏற்று, கண்டித்து, வழக்கிலிருந்து அவர் பெயரை நீக்கியது. வழக்கைத் தானே நடத்துவதாகச் சொல்லி, கோர்ட்டுக்கு உதவ ஒரு வக்கீலையும், விடுதிக்கு நேரில் போய் அந்தப் பெண்களிடமே கேட்டுவர வேறொருவரையும் நியமித்தது.

வாசலில் மச்சான் நின்றிருந்தார்.

"என்னாச்சு மாப்ளே?"

"என்னைய வெளிய அனுப்பிட்டாங்க மச்சான். கேஸை உள்ளயே வெச்சுக்கிட்டாங்க."

சொல்லிவிட்டு நடுரோட்டில் நின்று கோர்ட் கட்டடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்ததையும் ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டார்.

நேரில் போனவரின் அறிக்கை வந்தது. தெளிந்தவர்களை உறவுக்காரர் கையெழுத்துக்காக அடைத்துவைக்கக் கூடாது, போக இடமில்லாதவர்களுக்கு அரசு தங்குமிடம் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பெண்கள் கிளம்பிய காலையில் லாண்டரிக்காரர் வேனோடு போய் நின்றார். விடுதி மேஜையில் ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே எழுதினாள். மூன்றாவது பெண் எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வேனை நோக்கி வந்தாள்.

"கோர்ட்டுல ரொம்பத் திட்டினாங்களாமே?"

"திட்டினாங்கம்மா. நல்லா இருக்கணும் அவங்க."

அவள் சிரித்தாள். பின்னால் ஏறச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டு, முன்சீட்டில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.