சுடலைமணி அனுப்பிய கிஃப்ட் கார்டு

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை ஹரிஹரசுதன். அப்பா காலமானதும் அம்மா பெங்களூருக்கு அக்கா வீட்டோடு போய்விட்டாள். நாலு கட்டு வீட்டில் இப்போது அவனும் ஒரு கம்ப்யூட்டரும்தான். ஆபீஸ் முடிந்து வந்தால் அவன் வாய் திறக்க அங்கே வேலையே கிடையாது.

கம்ப்யூட்டரில் கேம் ஆடும் தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் மட்டும் அவனுக்கு ஏகப்பட்ட மரியாதை. பாதி விலைக்குக் கேம் கோடு, கிஃப்ட் கார்டு என்று எவனாவது வலை விரித்தால், அதை ஆராய்ந்து சொல்கிற ஆள் சுதன்தான். அவன் "நம்பலாம்" என்று எழுதாத கடையில் யாரும் வாங்குவதில்லை. அது அந்தக் குழுவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. கோடு வேலை செய்யும்வரை பணத்தைப் பிடித்து வைக்கிற தளத்தில் மட்டும் வாங்கு, தனி ஆளின் நம்பருக்கு நேராகப் பணம் போடாதே, 'பேலன்ஸ் பார்க்க' என்று எவன் லிங்க் அனுப்பினாலும் அதில் கார்டு எண்ணைத் தட்டாதே என்று சலிக்காமல் சொல்லுவான். கேட்டவர்கள் "தேங்க்ஸ் ப்ரோ" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒரு பயல் கேட்டதில்லை.

கேட்டவன் சுடலைமணி ஒருத்தன்தான். முகம் பார்த்ததில்லை. ஓட்டப்பிடாரம் பக்கம், பாசிப்பயறு போட்டிருக்கிறேன் என்பான். சாயங்காலமானால் கூட விளையாட வந்துவிடுவான். காதில் மாட்டிய ஹெட்செட்டில், "ஏலே சுதா, சாப்ட்டியாலே? இங்கன கரிசலு வெடிச்சுக் கெடக்கு, ஒரு தூத்தல்கூட இல்ல" என்று அவன் ஆரம்பித்தால் சுதனுக்கு வீடே நிறைந்துபோகும். ஊர் உலகத்துக்கு எச்சரிக்கை சொல்லுகிறவன், ஒரு 'ஏலே'யில் விழுந்து கிடந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுடலைமணி கூப்பிட்டான். "ஒரு ஒதவிலே. எங்க அத்தான் கிஃப்ட் கார்டு விக்காவ, பாதி வெல. நீ குரூப்புல 'நம்பலாம்'னு ஒரு வார்த்த போட்டா போதும்."

கூடவே கார்டின் பின்பக்கப் படமும் வந்தது. வெள்ளிப்பூச்சைச் சுரண்டாத கார்டு, கீழே வரிசை எண், ஓரத்தில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று சுதனுக்குச் சுருக்கென்றது. குழுவின் பழைய பதிவுகளைத் தேடினான். பசுவந்தனை ஊர்ப் பெண் ஜெயப்பிரியா ஏமாந்துபோய் அழுது போட்டிருந்த படம் கிடைத்தது. அதே மடிப்பு, அதே எண். ஒரே படத்தைக் காட்டியே ஊரெல்லாம் விற்றிருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால் அவன் கெட்டிக்காரன். ஆனால் மனசு கேட்கவில்லை. தன் கணக்குப் பொய்யாகிப் போகட்டும் என்று ஆசைப்பட்டு, எவரும் செய்யக்கூடாது என்று சொன்னதைத் தானே செய்தான். அந்த அத்தான் நம்பருக்கு நேராகப் பணம் போட்டு ஒரு கார்டு வாங்கினான். வந்த கோடு எண்ணை, கேம் விற்கிற கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் ஏற்றினான். 'இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தது.

சுடலைமணிக்குப் போன் போட்டான்.

"அது சர்வர் கோளாறுலே. இன்னொன்னு வாங்கு, ரெண்டுக்கும் சேத்து ரீஃபண்டு வாங்கித் தாரேன்."

ஜெயப்பிரியாவுக்கும் இதே பதில்தான் வந்திருந்தது. பணம் போனது சுதனுக்குப் பெரிசில்லை.

"இத்தன மாசமா இதுக்குத்தான் பேசுனியாலே?"

பதில் மெதுவாக வந்தது. "மொதல்ல இதுக்குத்தான். பொறவு பழகிப்போச்சு, சுதா. நீ ஒண்ணும் போட வேண்டாம், சும்மா மட்டும் இரு. எப்பவும்போல வெளாடுவோம்."

அவன் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். அதுதான் சுதனை வதைத்தது. சும்மா இருந்துவிட்டால் நாளைச் சாயங்காலமும் அந்தக் குரல் வரும். வேறு யார் வரப்போகிறார்கள் அந்த வீட்டுக்கு? குழுவில் இன்னும் எத்தனை ஜெயப்பிரியாக்கள் இருக்கிறார்களோ என்ற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் போனை வைத்தான்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பணம் போன நம்பர், சுடலைமணியின் நம்பர், தான் ஏமாந்த கதை எல்லாவற்றையும் எழுதி, "நம்பாதீங்க" என்று குழுவில் போட்டான். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. "தேங்க்ஸ் ப்ரோ" என்று வரிசையாக விழுந்தது.

ஜெயப்பிரியா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, இந்த ஆள உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்று சுதன் எழுதினான். அது பொய்யில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் விசும்பியது அந்த நாலு கட்டு வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை.