டீயோடு ஒன்று

என் வீட்டுக்காரரை வேலையிடத்தில் 'கிரேன்' என்று கூப்பிடுவார்கள். வீடு மாறுகிறவர்களின் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றுவது அவர் வேலை. அந்தப் பட்டப்பெயரில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. கிரேனுக்கு ஏது வயிறு, வயிறே இல்லாதவனுக்கு ஏது வயிற்றுவலி என்று முடிவுகட்டிவிட்டார் போலிருக்கிறது.

மழைக்காலத்தில் ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கைகழுவிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவார்.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. வயித்துல காஸு."

மழைக்காலம் போய் வெயில் வந்தது. காஸு போகவில்லை. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டவர் நாலு வாயில் எழுந்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். வலி வந்தால் ஒரு தம்ளர் பால் குடிப்பார், கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். "டாக்டரைப் பாருங்க" என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"டாக்டர்கிட்ட போனா இல்லாத வியாதியெல்லாம் சொல்லுவாங்க" என்பார்.

"இருக்கிற வியாதிய மட்டும் சொல்லச் சொல்றேன். வாங்க!"

"லோடு இருக்கு."

எந்த நாளில்தான் இல்லை? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவன் பீரோவில் ஒரு கீறல் விழுந்தால் பதறுகிற மனுஷன், தன் வயிற்றுக்குள் என்ன விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க மாட்டார்.

அப்புறம் கழிப்பறையில் ஒரு நாற்றம். வழக்கமான நாற்றம் இல்லை, குமட்டுகிற மாதிரி வேறொன்று. தண்ணீர் ஊற்றியும் பீங்கானில் கறுப்பாகப் பசைபோல ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "நேத்து கீரை சாப்பிட்டேன்ல" என்றார். கீரை சாப்பிட்டால் தார் வருமா? நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு லோடுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிப்படியை அவரால் ஏற முடியவில்லை. பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுகிற ஆள், வெறுங்கையோடு நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, வேர்வை சில்லென்று இருந்தது. குனிந்து வாந்தி எடுத்தார். காபித்தூளைக் கரைத்துக் கொட்டிய மாதிரி இருந்தது.

"இப்பவாவது போலாமா, இல்ல இதுவும் காஸா?" என்றேன். கத்தவில்லை, முந்தானையால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"போலாம்" என்றார். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நாடியைப் பிடித்ததும் ஓடி டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். நாடி குதிரையாக ஓடியது, பிரஷர் இறங்கிக் கிடந்தது. டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. கையுறை போட்டுப் பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தபோது விரலில் அதே தார் வந்தது. "இது மலம் மட்டுமில்ல, ரத்தம். வயித்துல கசிஞ்ச ரத்தம் குடல்ல செரிச்சு இறங்கினா இப்படித்தான் கறுப்பா வரும்" என்றார். இரண்டு கையிலும் ஊசி குத்தி ஒன்றில் சலைன், ஒன்றில் அமிலத்தை அடக்கும் மருந்து. ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. பொருத்தம் பார்த்து ரத்தம் ஏற்றினார்கள்.

"வலி மாத்திரை ஏதாவது போடுற பழக்கம் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாத்திரையே தொட மாட்டேங்க டாக்டர்" என்றார் கிரேன். படுத்த படுக்கையிலும் அந்தப் பெருமை!

பிரஷர் கொஞ்சம் நிலைக்கு வந்ததும் எண்டோஸ்கோப்பி. தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, இடதுபக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையம் கொடுத்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டார்கள். வெளியே நான் வேண்டாத சாமியில்லை. இந்த ஆள் பிழைத்து வரட்டும், வந்ததும் நானே கொல்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இரைப்பையின் அடிப்பக்கத்தில் குழி விழுந்த புண். நடுவில் ஒரு ரத்தக்குழாயின் முனை மொட்டாகத் துருத்திக்கொண்டிருந்தது. "சுத்தி ஊசி போட்டு, அந்தக் குழாய கிளிப் வச்சுக் கவ்வியாச்சு. இப்போ கசிவு நின்னிருக்கு. மறுபடி கசியாம இருக்கணும், அதான் முக்கியம். சில நாள் இங்கேயே இருக்கட்டும். வயித்துல கிருமி இருக்கான்னு பார்ப்போம். புண்ணு ஆறினப்புறம் இன்னொரு தடவ உள்ள பார்த்து, தேவைன்னா சதை எடுத்து சோதிக்கணும், புத்துநோய் இல்லன்னு உறுதியாகணும்ல" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

இரண்டாம் நாள் இன்னொரு பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி வந்தார். லாரிக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவர் அவர்தான். வாங்கிவந்த ஆப்பிளைக் கட்டில்மேல் வைத்தார்.

"எப்படிடா இருக்கே கிரேன்?"

"முதுகுதான் மேஸ்திரி. படுத்தே கிடக்குறேன்ல, பிடிச்சுக்கிச்சு."

"அவ்வளவுதானே" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி இவர் கையில் வைத்தார். என் கண்முன்னால்! இவரும் வாய்க்குக் கொண்டுபோனார். நான் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் மாத்திரை தரையில் உருண்டது.

"என்னது இது?"

"டீயோட போடறதும்மா. லோடுக்கு முன்னாடி ஆளுக்கு ஒண்ணு. லாரியிலயே டப்பா இருக்கு" என்றார் மேஸ்திரி.

"மாத்திரையே தொட மாட்டேன்னீங்களே!" என்று இவரிடம் திரும்பினேன்.

"இது மாத்திரையா? வியாதிக்குப் போட்டாத்தானே மாத்திரை. இது வேலைக்குப் போடறது" என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். "வயிறு ரொம்ப வலிச்சா ரெண்டு போடுவேன்."

வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று, அது அரித்த புண் வலித்தால் அதன்மேல் இன்னொன்று! அட்டையைப் பிடுங்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் பெயரைப் படித்துவிட்டு என்னோடு கட்டிலுக்கே வந்தார்.

"இது வலி மாத்திரைதான். வலிய உண்டாக்குற சுரப்பை இது நிறுத்துது. ஆனா அதே சுரப்புதான் வயித்துச் சுவர்மேல அமிலம் படாம பூச்சு போட வைக்குது. பூச்சு போனா அமிலம் சுவரையே தின்னும். இனிமே இது ஒண்ணு உள்ள போனாலும் மறுபடி ரத்தம் கசியலாம். அடுத்த தடவ இங்க வந்து சேர நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அது இல்லாம எப்படிம்மா? ரெண்டே ஆளு, நாலு மாடி. முதுகு தாங்கணும்ல."

"முன்னல்லாம் ஒரு பீரோவுக்கு எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"அப்ப ரெண்டு ஆளைக் கழிச்சுட்டு, அந்த இடத்துல மாத்திரைய நிறுத்தியிருக்கீங்க. பாரத்தை மிச்ச ரெண்டு பேரோட வயிறு சுமக்குது. நல்லா இருக்குண்ணே உங்க கணக்கு! நீங்களும் போடுறீங்களா?"

"எனக்கென்ன, அப்பப்ப லேசா எரியும். காஸுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இதோ அடுத்தவர். லாரி முழுக்க இன்னும் எத்தனை பேரோ.

"சரிம்மா, இவன் கொஞ்ச நாள் படுக்கட்டும். தேறினதும் வரட்டும், ஆள் விஷயம் பாக்கலாம்" என்று கிளம்பினார் மேஸ்திரி. நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பாக்கலாம்ங்கிற பேச்சு வேணாம், மேஸ்திரி." ரத்தம் ஏறுகிற கையை அசைக்காமல் அவர் மெதுவாகத்தான் பேசினார். "எனக்கு வலிக்குது. மழைக்காலத்துலேருந்து வலிக்குது. நாலு பேர் இருந்தா கூப்பிடுங்க, வரேன். ரெண்டு பேர்னா நான் வரல."