ஓரகத்தியோடு எடுத்த முதல் தேன்

மொட்டைமாடியில் தேன்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சின்ன மருமகளுக்குத் தன் ஓரகத்தி ஞாபகம் வந்துவிடும். ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் காலத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தேனீ வளர்ப்புப் பயிற்சியில்கூட ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்கு இருந்ததோ ஒரே பெட்டி. முதல் தேனெடுப்பன்று பெரியவள் புகை போட, இவள் மேலடுக்கிலிருந்து தேன் சட்டத்தைத் தூக்கினாள். விரலுக்கடியில் ஒரு தேனீ நசுங்க, இன்னொன்று மணிக்கட்டில் சுருக்கென்று கொட்டியது. சட்டத்தைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள்.

"ஆடாம நில்லுடி. கையை வீசினா இன்னும் கொட்டும்," என்றாள் பெரியவள். பல வருஷத்தில் அவள் இவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கொடுக்கை நகத்தால் வழித்தெறிந்து, கொடுக்கின் வாடைக்கு மற்ற தேனீக்கள் வராதபடி கொட்டிய இடத்தில் புகை விட்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

அன்று தேன் ஒழுகும் அடையை மென்றபடி மாடிப்படியில் உட்கார்ந்தவர்கள், பொழுது சாயும்வரை பேசித் தீர்த்தார்கள்.

இப்போது அக்கா தன் மகனோடு வேறு ஊரில் இருக்கிறாள். இந்தப் பருவத்தில் பூ குறைவு, தேனும் அரை பாட்டில்தான். மாடியிலிருந்தே இவள் போனில் சொன்னதும், "மழைக்காலத்துக்கு அதுங்களுக்குத் தேன் இருக்கா?" என்று கேட்டாள்.

"பாதியை எடுக்காம விட்டுட்டேன்க்கா."

"நல்ல காரியம் பண்ணே."

போனை வைத்த பிறகும் சின்னவளுக்குக் கீழே இறங்க மனம் வரவில்லை.